கீட்டோ உணவுமுறை: சிங்கப்பூர்த் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சோற்றையும் பரோட்டாவையும் நிறுத்திவிட்டு முட்டையும் மீனுமாகச் சாப்பிடத் தொடங்கியவர்களிடமிருந்தும், தொடங்கலாமா என்று யோசிப்பவர்களிடமிருந்தும் வரும் கேள்விகள் இவை. ஏற்கெனவே சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவர்கள், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் மாத்திரை பற்றிய பதிலைப் படித்துவிடுங்கள்.

கீட்டோ கீட்டோன்னு எல்லாரும் சொல்றாங்க. உடம்புக்குள்ள என்னதான் நடக்குது?

நாம் சாப்பிடும் சோறு, இட்லி, ரொட்டி எல்லாம் கடைசியில் குளுக்கோஸாக மாறி ரத்தத்தில் சேர்கின்றன. அதைத் திசுக்களுக்குள் அனுப்புவது இன்சுலின். உடனே செலவாகாத குளுக்கோஸ் கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமிக்கப்படும். கல்லீரலில் ஏறக்குறைய 100 கிராம், தசைகளில் 400 கிராம் அளவுக்கு இடமிருக்கிறது. அதற்குமேல் மிஞ்சுவது கொழுப்பாகிறது.

மாவுச்சத்தை மிகவும் குறைத்துவிட்டால் கல்லீரலின் சேமிப்பு ஓரிரு நாளில் தீர்ந்துவிடும். இன்சுலின் அளவும் இறங்கும். அது இறங்கியதும் உடம்பில் இருக்கும் கொழுப்பு கரைந்து கல்லீரலுக்கு வரத் தொடங்குகிறது. கல்லீரல் அதிலிருந்து கீட்டோன் என்ற எரிபொருளைத் தயாரித்து ரத்தத்தில் விடுகிறது. இதயமும் தசையும் அதைப் பயன்படுத்திக்கொள்ளும். மூளை கொழுப்பை நேரடியாக எரிக்காது, ஆனால் கீட்டோனை எரிக்கும். சில வாரம் பழகிய பிறகு மூளையின் தேவையில் பாதிக்கும் மேல் கீட்டோனிலிருந்தே கிடைக்கலாம். மீதிக்கு வேண்டிய குளுக்கோஸைப் புரதத்திலிருந்தும் கொழுப்பின் ஒரு பகுதியிலிருந்தும் கல்லீரலே செய்துகொள்கிறது.

இந்த நிலைக்குப் பெயர் கீட்டோசிஸ். அப்போது ரத்தத்தில் கீட்டோன் லிட்டருக்கு 0.5 முதல் 3 மில்லிமோல் வரை இருக்கும். எடை குறைவதற்குக் காரணம் கீட்டோனிடம் ஏதோ மந்திரம் இருப்பதல்ல. பசி குறைகிறது, நொறுக்குத்தீனிக்கு வழியில்லாமல் போகிறது, அதனால் மொத்தக் கலோரி இறங்குகிறது. பெரும்பங்கு அதுதான்.

ஒரு நாளைக்கு எவ்வளவு மாவுச்சத்து? நம்ம சாப்பாட்டுல அது எவ்வளவு வரும்?

பெரும்பாலும் 20 முதல் 50 கிராமுக்குள். கேட்கும்போது பெரிய எண்ணாகத் தெரியும். ஆனால் காப்பிக் கடையில் வாங்கும் ஒரு தட்டு வெள்ளைச் சோற்றிலேயே 55 கிராம் வந்துவிடும். ஒரு வெறும் பரோட்டாவில் 30 கிராமைச் சுற்றி, ஓர் இட்லியில் பத்துக்குமேல். டின்பால் ஊற்றிய ஒரு கிளாஸ் காப்பியில் மட்டும் 15 முதல் 20 கிராம் சர்க்கரை இருக்கும். பலர் சோற்றை நிறுத்திவிட்டு, காப்பியை மறந்துவிடுகிறார்கள்.

பருப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பருப்பு என்றால் புரதம் என்று ஒரு நம்பிக்கை. அதில் புரதம் உண்டுதான், ஆனால் அதைவிட மாவுச்சத்து கூடுதல். ஒரு கரண்டி சாம்பார் பரவாயில்லை, ஒரு கிண்ணம் பருப்புக்கூட்டு அந்த நாளின் கணக்கைப் பாதி தின்றுவிடும்.

அப்போ என்னதான் சாப்பிடறது? எனக்குப் பெரும்பாலும் வெளிச்சாப்பாடுதான்.

சிங்கப்பூரில் வெளியே சாப்பிட்டுக்கொண்டே செய்ய முடியும். ஒரு நாளை எடுத்துக் கணக்குப் போடுவோம். சுமார் 80 கிலோ எடை, அலுவலக வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் மூன்று முட்டையில் ஆம்லெட், கொஞ்சம் வெங்காயம், ஒரு பிடி கீரை. குடிக்க காப்பி ஓ கோசோங். இதில் மாவுச்சத்து 5 கிராம். மதியம் கறி சோற்றுக் கடையில் சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரு பெரிய துண்டு மீன் குழம்பு, முட்டைக்கோஸ் பொரியல், ஒரு பொரித்த முட்டை, வெள்ளரிக்காய். குழம்பில் வெங்காயம், தக்காளி, புளி எல்லாம் இருப்பதால் 11 கிராம் போடுவோம். நாலு மணிக்கு ஒரு கைப்பிடி பாதாம், ஒரு காப்பி சி கோசோங், சேர்த்து 6. இரவு வீட்டில் கோழித் தொடை வறுவல், வெண்டைக்காய் பொரியல், நூறு கிராம் தயிர் என்றால் 10. ஆக மொத்தம் 32 கிராம். புரதம் 120 கிராமைத் தொடுகிறது, தாராளம்.

கணக்கு உதைப்பது எங்கே என்றால், கண்ணுக்குத் தெரியாத மாவில். யோங் தௌஃபூ கடையில் நூடுல்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திருப்தியாக உட்காருவோம். ஆனால் மீன் உருண்டையிலும் நண்டுக் குச்சியிலும் மாவு கலந்திருக்கும், மேலே ஊற்றும் சிவப்பு இனிப்புச் சாஸில் சர்க்கரை இருக்கும். தௌ குவா, கீரை, காளான், கத்திரிக்காய், தெளிந்த சூப் என்று எடுத்தால் சரியாக வரும். கோழிச் சோற்றுக் கடையில் அவித்த கோழி நல்லது, மேலே ஊற்றும் கறுப்புச் சாஸ் வேண்டாம். சாத்தே குச்சியில் இறைச்சியே இனிப்பில் ஊறியிருக்கும், கடலைக் குழம்பிலும் சர்க்கரை. ஃபிஷ்ஹெட் கறியைத் தயங்காமல் சாப்பிடலாம், பக்கத்தில் வைக்கும் பிரியாணிச் சோற்றைப் பார்க்காமல் இருக்க முடிந்தால்.

பழத்தில் கொய்யா, சில துண்டு பப்பாளி, பெர்ரி வகைகள் சிறிய அளவில் அடங்கும். மாம்பழம், வாழைப்பழம், டுரியான் மூன்றுக்கும் இடமில்லை.

நான் சைவம். முட்டைகூட இல்ல. முடியுமா?

முடியும், ஆனால் கஷ்டப்பட்டுத்தான் முடியும். பருப்பும் சுண்டலும் வெளியே போய்விடுவதால் புரதத்துக்கு நம்பக்கூடியவை பனீர், தௌ குவா, தெம்பே, தயிர், கொட்டைகள், அப்புறம் சோயா. தெம்பே இங்கே ஈரச்சந்தையிலும் பேரங்காடியிலும் மலிவாகக் கிடைக்கிறது, நூறு கிராமில் 19 கிராம் அளவுக்குப் புரதம். நம் சைவ வீடுகளில் அதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. மெல்லிய துண்டாக வெட்டி மிளகுத்தூளும் உப்பும் போட்டு வறுத்தால் நன்றாகவே இருக்கும்.

சைவக் கீட்டோவில் நடப்பது என்னவென்றால், புரதம் கிடைக்காத இடத்தை நெய், வெண்ணெய், தேங்காய், சீஸ் நிரப்பிவிடுகின்றன. எடை இறங்கும், தசையும் சேர்ந்தே இறங்கும், கொலஸ்ட்ரால் ஏறும். என்னைக் கேட்டால் முட்டையும் இல்லாத சைவர்களுக்கு ஒரு நாளைக்கு 80 முதல் 100 கிராம் மாவுச்சத்து என்ற மிதமான முறை பொருத்தம். அரைக் கிண்ணம் சோறு, ஒரு கிண்ணம் பருப்பு, நிறையக் காய். கீட்டோசிஸ் வராது, ஆனால் பலன் பெருமளவு வரும்.

முதல் வாரத்துல மூணு கிலோ குறைஞ்சுடுச்சு. இது கொழுப்பா?

பெரும்பகுதி தண்ணீர். கிளைக்கோஜன் தனியாகச் சேமிக்கப்படுவதில்லை. ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. கிளைக்கோஜன் தீரும்போது அந்தத் தண்ணீரும் வெளியேறும். இன்சுலின் இறங்குவதால் சிறுநீரகம் உப்பையும் கூடுதலாக வெளியேற்றும், அதோடும் தண்ணீர் போகும். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் எடை அரைக் கிலோ, முக்கால் கிலோ என்று மெதுவாக இறங்கும். அதுதான் கொழுப்பு.

அஞ்சாவது நாள்லேர்ந்து தலைவலி, கால்ல பிடிப்பு, மலச்சிக்கல் வேற. விட்டுடவா?

இதைக் கீட்டோ காய்ச்சல் என்பார்கள், காய்ச்சல் இருக்காது. மேலே சொன்ன உப்பு இழப்புதான் முக்கியக் காரணம். ரத்த அழுத்தம் சாதாரணமாக இருப்பவர்கள் நாளுக்கு ஒரு கிண்ணம் உப்புப் போட்ட கோழி சூப்போ ரசமோ குடித்தால் ஒன்றிரண்டு நாளில் தெளிந்துவிடும். நம் வெயிலில், வேர்வையிலும் உப்பு போகிறது என்பதை மறக்கக்கூடாது. மலச்சிக்கலுக்குக் கீரையும் வெண்டைக்காயும் தண்ணீரும். வாயில் நகப்பூச்சை அழிக்கும் திரவத்தின் வாடை போல ஒன்று வரும், அது அசிட்டோன், கீட்டோனில் ஒரு வகை.

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் விஷயம் வேறு. அவர்கள் எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் அது உப்புக் குறைவாகவும் இருக்கலாம், மாத்திரை இப்போது அதிகமாகிவிட்டதாகவும் இருக்கலாம். வீட்டுக் கருவியில் அழுத்தத்தை அளந்து எழுதிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். தானாக உப்பைக் கூட்டிக்கொள்ள வேண்டாம்.

சிறுநீர்ல பட்டை வெச்சுப் பார்த்தேன். முதல்ல கரும்ஊதா, இப்போ நிறமே இல்ல. கீட்டோசிஸ் போயிடுச்சா?

அப்படிச் சொல்ல முடியாது. பட்டை காட்டுவது ஒரு வகைக் கீட்டோனை மட்டும். சில வாரங்களில் உடம்பு அதை வீணாக்காமல் பயன்படுத்தப் பழகிவிடுகிறது, சிறுநீரில் குறைவாகவே வரும். விரலில் குத்திப் பார்க்கும் கருவிதான் நம்பகமானது. எடை குறைப்பதற்காக மட்டும் செய்பவருக்கு இரண்டுமே அவசியமில்லை.

சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடறேன். கீட்டோ சர்க்கரையைக் குறைக்கும்னு சொல்றாங்களே, ஆரம்பிக்கலாமா?

குறைக்கும், அதனால்தான் மருத்துவரிடம் சொல்லாமல் ஆரம்பிக்கக்கூடாது. எந்த மாத்திரை என்பதைப் பொறுத்து ஆபத்து மாறும். பலதுறை மருந்தகம் கொடுத்த மாத்திரைப் பையை எடுத்து, அதில் ஒட்டியிருக்கும் பெயரைப் படியுங்கள்.

மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பெரிய கவலை இல்லை. அது தனியாகச் சர்க்கரையை மிகவும் கீழே இறக்குவது அரிது.

கிளிபிசைட், கிளிக்கிளசைட், அல்லது இன்சுலின் ஊசி என்றால் கவலை தாழ்சர்க்கரை. நீங்கள் சோறு சாப்பிடுவீர்கள் என்ற கணக்கில்தான் அந்த அளவு எழுதப்பட்டிருக்கிறது. சோறு நின்றது, மருந்து நிற்கவில்லை என்றால் முதல் நாளிலேயே கை நடுக்கம், வேர்வை, படபடப்பு வரலாம். அளவு 4 மில்லிமோலுக்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை உடனே வேண்டும், அதாவது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். அந்த நேரத்தில் கீட்டோ கெட்டுவிடுமே என்று யோசிக்காதீர்கள். தொடங்கும் நாளிலேயே மருந்தின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும், எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும்.

மூன்றாவது வகைதான் எனக்கு அதிக பயம் தருவது. எம்பாக்ளிஃப்ளோசின், டாபாக்ளிஃப்ளோசின் என்ற பெயர்கள், அல்லது ஜார்டியன்ஸ், ஃபோர்சிகா என்று பெட்டியில் இருக்கும். சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மருந்துகள் இவை. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது என்பதால் இப்போது நிறையப் பேருக்குக் கொடுக்கிறார்கள், சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கும்கூட. இந்த மருந்தே கீட்டோனைக் கொஞ்சம் கூட்டும். அதோடு மாவுச்சத்தையும் நிறுத்தினால் இரண்டும் ஒரே பக்கம் தள்ளும். கீட்டோன் கட்டுப்பாடில்லாமல் ஏறி ரத்தம் அமிலமாகிவிடலாம். இதற்குக் கீட்டோஅமிலத்தேக்கம் என்று பெயர், உயிருக்கே ஆபத்து. அமெரிக்க மருந்து நிர்வாகம் 2015-லேயே இந்த மருந்து வகைக்கு எச்சரிக்கை விட்டது.

இதில் ஏமாற்றுவது என்னவென்றால், வழக்கமாகக் கீட்டோஅமிலத்தேக்கத்தில் சர்க்கரை 20, 25 என்று எகிறிக் காட்டும். இந்த மருந்து எடுப்பவரிடம் கருவி 9 அல்லது 11 என்று காட்டிக்கொண்டிருக்கும். சர்க்கரை நன்றாகத்தானே இருக்கிறது, வயிறு ஏதோ சரியில்லை, நேற்று சாப்பிட்ட இறால் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, காரணமில்லாத அசதி, மூச்சு வேகமாக வாங்குவது, இவை சேர்ந்து வந்தால் சர்க்கரை எண்ணைப் பார்த்துச் சமாதானம் அடையக்கூடாது. ரத்தக் கீட்டோன் 1.5-க்கு மேல் இருந்தால் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். 3-ஐத் தாண்டினாலோ, அளக்கக் கருவி இல்லாமல் இந்த அறிகுறிகள் இருந்தாலோ நேராக அவசரப் பிரிவுக்குப் போய், மருந்தின் பெயரையும் கீட்டோவில் இருப்பதையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். மூச்சு வாங்கினால் 995.

ஆகவே இந்த மருந்தில் இருப்பவர் கீட்டோ வேண்டாம் என்பதே என் பதில். கட்டாயம் செய்ய வேண்டும் என்றால் மருத்துவர் அந்த மருந்தை மாற்றிய பிறகுதான். நீங்களாக நிறுத்துவதும் தவறு, இதயத்துக்காகக் கொடுத்திருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். நோன்பு மாதத்தில் பகல் முழுக்கப் பட்டினி, நோன்பு திறந்தபின் மாவுச்சத்து இல்லாத சாப்பாடு, கூடவே இந்த மாத்திரை என்ற மூன்றும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

மாத்திரையை விட்டே விடலாமா, நாள் போகப் போக?

சிலருக்கு ஆறு மாதத்தில் மருந்து குறைந்து, சர்க்கரையும் கட்டுக்குள் வருவதைப் பார்க்கிறோம். ஆனால் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆறு மாதத்தில் தெரிந்த வித்தியாசம் 12 மாதத்தில் தேய்ந்துவிடுகிறது. பெரும்பாலும் உணவுமுறையைத் தொடர முடியாததுதான் காரணம். 2018-ல் அமெரிக்காவில் 609 பேரை ஓராண்டு பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இழந்தார்கள். வித்தியாசம் என்று சொல்லும்படி இல்லை.

எட்டு கிலோ குறைஞ்சிருக்கேன். ஆனா ரத்தப் பரிசோதனைல எல்டிஎல் 5.2. எடை குறைஞ்சாச்சே, இது பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். தொடங்கும் முன் அது 3.1 என்று வைத்துக்கொள்வோம். கூடவே ட்ரைகிளிசரைடு இறங்கியிருக்கும், நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல் சற்று ஏறியிருக்கும், அவை நல்ல மாற்றங்களே. ஆனால் இதய ரத்தக்குழாயில் படிவது எல்டிஎல் துகள். அது 4.9-ஐத் தாண்டினால் மற்றதெல்லாம் நன்றாக இருந்தாலும் மருத்துவர்கள் தீவிரமாக எடுத்துக்கொள்வார்கள். இந்திய வம்சாவளியினருக்கு மற்றவர்களைவிட இளம் வயதிலேயே மாரடைப்பு வருகிறது, சிங்கப்பூரில் நம்மிடையே நீரிழிவும் அதிகம். நாம் இந்த எண்ணோடு பேரம் பேச முடியாது.

எதனால் ஏறியது என்று பார்ப்போம். காலையில் காப்பியில் ஒரு மேசைக்கரண்டி நெய், ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் போட்டுக் கலக்கிக் குடிக்கும் பழக்கம் கீட்டோவோடு வந்தது. தேங்காய் எண்ணெயில் 12 கிராம், நெய்யில் 8 கிராம், ஆக 20 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. 1,700 கலோரி சாப்பிடுபவருக்கு நாள் முழுவதற்கும் உள்ள வரம்பே 19 கிராம்தான். காலை எட்டு மணிக்கு, இன்னும் ஒரு வாய்கூட மெல்லாமல், அன்றைய பங்கு முடிந்துவிட்டது. மதியம் தேங்காய்ப்பால் குழம்பு, பனை எண்ணெயில் பொரித்த கோழி. பனை எண்ணெயில் பாதி நிறைவுற்ற கொழுப்பு. சாயங்காலம் சீஸ்.

கீட்டோவை விடாமலே இதைத் திருப்பிப் பார்க்கலாம். நெய்க் காப்பியை நிறுத்திவிட்டுச் சும்மா கறுங்காப்பி. சமையலுக்கு நல்லெண்ணெய், கடலை எண்ணெய், கனோலா, ஆலிவ் எண்ணெய். மத்தி, அயிலை போன்ற எண்ணெய் மீன், வெண்ணெய்ப் பழம், பாதாம். தேங்காய்ப்பால் வாரம் ஒரு நாள். எட்டு வாரம் இப்படிச் சாப்பிட்டு மறுபடி பரிசோதனை செய்தால் பலருக்கு நன்றாகவே இறங்கும். எடை வேகமாக இறங்கிக்கொண்டிருக்கும் வாரங்களில் கொலஸ்ட்ரால் எண் ஊசலாடும், அதனால் எடை ஓரிடத்தில் நின்றபின் எடுக்கும் அளவுதான் நம்பத்தக்கது.

அப்படியும் இறங்கவில்லை என்றால் இரண்டே வழி. மாவுச்சத்தைக் கொஞ்சம் கூட்டுவது, அல்லது ஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை. ஒல்லியானவர்களுக்கு, உடற்பயிற்சி அதிகம் செய்பவர்களுக்கு, எண்ணெயை மாற்றியும் எல்டிஎல் எகிறுவதுண்டு. அவர்களில் சிலருக்கு நாளுக்கு 50 முதல் 100 கிராம் மாவுச்சத்தைத் திரும்பச் சேர்த்ததுமே எண் விறுவிறுவென இறங்கிவிடுகிறது. எச்டிஎல் நன்றாயிருப்பதால் எல்டிஎல் எவ்வளவு இருந்தாலும் ஒன்றும் ஆகாது என்று இணையத்தில் ஒரு பேச்சு சுற்றுகிறது. அதை நம்பி ஐந்து வருடம் ஓட்டுவதற்கு ஆதாரம் இல்லை.

சிறுநீரகம் கெட்டுடும்னு அம்மா பயமுறுத்தறாங்க.

சிறுநீரகம் நல்ல நிலையில் இருப்பவருக்கு, புரதத்தை அளவோடு எடுத்தால், கெட்டுவிடும் என்று சொல்ல ஆதாரமில்லை. ஏற்கெனவே சிறுநீரகம் பழுதடைந்தவருக்கு அம்மா சொல்வது சரி. சர்க்கரை நோயாளிகளில் பலருக்கு அந்தப் பழுது தெரியாமலே இருக்கும் என்பதால், தொடங்கும் முன் கிரியேட்டினினும் சிறுநீரில் அல்புமினும் பார்த்துவிடுவது நல்லது.

கல் வேறு விஷயம். இந்த உணவில் சிறுநீர் சற்று அமிலமாகிறது, கல் சேராமல் தடுக்கும் சிட்ரேட் குறைகிறது. வலிப்பு நோய்க்காக நெடுநாள் கீட்டோவில் இருக்கும் குழந்தைகளுக்குக் கல் வருவது மருத்துவர்களுக்குப் பழக்கமான தொல்லை, அதற்காகப் பொட்டாசியம் சிட்ரேட் கொடுப்பார்கள். பெரியவர்கள் சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கும் அளவுக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும், வெளியில் வேலை செய்பவர்கள் இன்னும் கூடுதலாக. விலாவிலிருந்து கீழிறங்கும் வலி, சிறுநீரில் ரத்தம் என்றால் காத்திருக்க வேண்டாம். கவுட் உள்ளவர்களுக்கு முதல் சில வாரத்தில் யூரிக் அமிலம் ஏறிக் கால் கட்டைவிரல் வீங்கலாம்.

வருஷக்கணக்கா இப்படியே இருந்தா?

அமெரிக்காவின் மயோ கிளினிக்கில் ரஸல் வைல்டர் 1921-ல் இந்த உணவுமுறைக்குப் பெயர் வைத்தது எடை குறைக்க அல்ல, வலிப்பு நோய்க்காக. மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள குழந்தைகளுக்கு இன்றும் அது பயன்படுகிறது. நெடுங்காலக் கீட்டோ பற்றி நமக்கு நன்றாகத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி அந்தக் குழந்தைகளிடமிருந்து வந்தது. கல், எலும்பின் அடர்த்தி குறைவது, கொலஸ்ட்ரால், செலினியம் போன்ற நுண்சத்துக் குறைபாடு. அதனால்தான் அங்கே உணவியல் நிபுணர் எடைபோட்டுக் கொடுக்கிறார், விட்டமினும் சுண்ணாம்புச் சத்தும் சேர்த்துக் கொடுக்கிறார்கள், ரத்தம் தவறாமல் பரிசோதிக்கப்படுகிறது. பல குழந்தைகளுக்கு இரண்டு வருடத்தில் மெதுவாக நிறுத்தியும் விடுகிறார்கள்.

எடைக்காகச் செய்யும் பெரியவருக்கு இந்தக் கண்காணிப்பு எதுவும் கிடையாது. தானியம், பருப்பு, பழம் மூன்றும் போவதால் நார்ச்சத்து, மெக்னீசியம், ஃபோலேட் குறையும். என் கருத்து, மூன்று முதல் ஆறு மாதம் ஒரு கருவியாகப் பயன்படுத்தலாம், வாழ்நாள் சாப்பாடாக அல்ல. அதற்குமேல் தொடர்பவர் தொடங்கும் முன்பும், மூன்றாவது மாதமும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் கொழுப்புப் பரிசோதனை, சிறுநீரகம், கல்லீரல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

யார் தொடவே கூடாது?

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள், கணைய அழற்சி வந்தவர்கள், கல்லீரல் செயலிழந்தவர்கள், பித்தப்பைத் தொல்லை உள்ளவர்கள், கொழுப்பை எரிக்க முடியாத பிறவிக் குறைபாடு உள்ளவர்கள். சாப்பாட்டோடு ஏற்கெனவே போராடிக்கொண்டிருக்கும் இளம் பெண்களையும் பையன்களையும் இதில் சேர்ப்பேன். பாலூட்டும் தாய் கடுமையாக மாவுச்சத்தை நிறுத்தியதால் கீட்டோஅமிலத்தேக்கம் வந்து மருத்துவமனையில் சேர்ந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

தீபாவளி அன்னிக்கு மட்டும் பலகாரம் சாப்பிட்டா?

சாப்பிடுங்கள். இரண்டு முறுக்கு, ஒரு அதிரசம், மதியம் பிரியாணி என்றால் கீட்டோசிஸ் அன்றே நின்றுவிடும், கீட்டோ சாப்பாட்டுக்குத் திரும்பினால் இரண்டு மூன்று நாளில் மீண்டும் வரும். மறுநாள் தராசு ஒரு கிலோ கூட்டிக் காட்டும், அது தண்ணீர். ஆனால் மாதக்கணக்கில் மாவுச்சத்து இல்லாமல் இருந்த உடம்பு திடீரென வரும் சர்க்கரையைக் கையாளக் கொஞ்சம் தடுமாறும், அதனால் அன்று ரத்தச் சர்க்கரை வழக்கத்தைவிட உயரமாகத் தெரியலாம். நீரிழிவு உள்ளவர்கள் சாப்பிட்ட இரண்டு மணிநேரம் கழித்து அளந்துகொள்ளுங்கள்.

நிறுத்தணும்னா எப்படி நிறுத்தறது?

ஒரே நாளில் மூன்று வேளைச் சோற்றுக்குத் திரும்பாதீர்கள். முதல் வாரம் ஒரு வேளைக்கு அரைக் கிண்ணம் சோறு அல்லது ஒரு கிண்ணம் பருப்பு, அடுத்த வாரம் இன்னொரு வேளைக்கும் அதே. மறுபக்கம் எண்ணெயும் நெய்யும் குறைந்தாக வேண்டும். கீட்டோவின் கொழுப்பையும் முன்பு சாப்பிட்ட அளவுச் சோற்றையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்குத்தான் போன எடை வட்டியோடு திரும்புகிறது. கடைசியில் போய் நிற்க வேண்டிய இடம் சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்லும் தட்டு: பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு முழுத்தானியம், கால் பங்கு மீன், கோழி, பருப்பு. ஒன்றிரண்டு கிலோ தண்ணீர் எடை திரும்பும், அதற்குப் பதறி மறுபடி கீட்டோவுக்கு ஓட வேண்டாம்.

மருந்து குறைத்திருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் சோற்றைக் கூட்ட வேண்டும், இல்லையென்றால் சர்க்கரை ஏறும். சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட்டு ரத்தம் எடுக்கும் பரிசோதனை ஏதாவது வரவிருந்தால், அதற்கு முன் மூன்று நாளாவது தினமும் 150 கிராம் மாவுச்சத்து சாப்பிட்டிருக்க வேண்டும். நேற்றுவரை கீட்டோவில் இருந்துவிட்டுப் போனால் நீரிழிவு இல்லாதவருக்கும் இருப்பதுபோல முடிவு வரலாம். பதிவு செய்யும்போதே மருந்தகத்தில் சொல்லிவிடுங்கள்.